மார்புக்கு எம், சீட்டுக்கு எல்: குர்தி பேட்டர்னில் இரண்டு அளவை இணைப்பது

பாலக்கோட்டில் இருக்கும் என் அண்ணிக்கு எம் அளவில் தைத்தால் சீட்டில் பிடிக்கும், எல் அளவில் தைத்தால் தோள் இறங்கி கைக்குழி தொங்கும். மூன்று குர்தி வீணான பிறகுதான் இரண்டு அளவையும் ஒரே பேட்டர்னில் இணைக்கப் பழகினேன். எல்லா அளவும் ஒரே தாளில் கோடு கோடாக அச்சடித்த பேட்டர்ன் உங்களிடம் இருந்தால் போதும்.

முதலில் அளவு. அண்ணிக்கு மார்பு 36, இடுப்பு 31, சீட் 41 அங்குலம். என் பேட்டர்னின் அட்டவணையில் எம் 36-30-39, எல் 38-32-41. ஆக மார்புக்கு எம், சீட்டுக்கு எல், இடுப்பு சரியாக நடுவில். உடம்பின் அளவை உடம்பு அளவு அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். தைத்து முடித்த உடுப்பின் அளவு என்று இன்னொரு அட்டவணை இருக்கும், அதில் லூசும் சேர்ந்திருப்பதால் அதோடு ஒப்பிட்டால் ஓர் அளவு சின்னதாகப் போய்விடும்.

அசல் தாளை வெட்டாதீர்கள். நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டில் எம் அளவை முழுதாக நகல் எடுங்கள். செய்தித்தாளில் எடுக்கலாம்தான், ஆனால் வெள்ளைத் துணியில் மை ஒட்டும், எனக்குப் பிடிக்காது. நகலில் மார்பு, இடுப்பு, சீட் மூன்றுக்கும் குறுக்குக் கோடு போடுங்கள்.

இப்போது புள்ளிகள். முன்பாகம், பின்பாகம் இரண்டுக்கும் பக்கவாட்டுத் தையல் இருபுறமும் வருவதால், சுற்றளவு வித்தியாசம் நான்காகப் பிரியும். சீட்டில் 2 அங்குலம் என்றால் ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம்தான், இடுப்பில் 1 அங்குலத்துக்குக் கால் அங்குலம். அக்குள் புள்ளியைத் தொடவே கூடாது. அது எம்மிலேயே இருந்தால்தான் கைக்குழி மாறாது, கையையும் எம் அளவிலேயே வெட்டலாம்.

நான் தடுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்தது. எல் கோட்டின் இடுப்பு, எம் கோட்டின் இடுப்புக்கு நேராக இருக்காது. என் பேட்டர்னில் கால் அங்குலம் கீழே இருந்தது, ஏனென்றால் அளவு கூடும்போது நீளமும் கொஞ்சம் கூடும். நான் முன்பாகத்தில் எம்மின் உயரத்திலும் பின்பாகத்தில் எல்லின் உயரத்திலும் புள்ளி வைத்துவிட்டேன். தைக்கும்போது ஒரு பக்கம் நீண்டுகொண்டே வந்தது, இழுத்துப் பிடித்துத் தைத்தேன், போட்டுப் பார்த்தால் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. அதனால் அகலத்தை மட்டும் எல்லிலிருந்து எடுங்கள், உயரம் எம்முடையதாகவே இருக்கட்டும், முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் ஒரே மாதிரி.

மூன்று புள்ளிகளையும் நேர் ஸ்கேலால் சேர்த்தால் இடுப்பில் ஒரு முனை, சீட்டில் ஒரு முனை வரும். சீட்டில் வரும் முனை தைத்த பிறகு பக்கத்தில் கொம்பு மாதிரி துருத்தி நிற்கும், எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் போகாது. இடுப்பில் உள்ளே குழிந்து, சீட்டில் லேசாக வெளியே வளைந்து போக வேண்டும். ஹிப் கர்வ் ஸ்கேல் ஒன்று வாங்கிவிடுங்கள், கையால் வரைந்தால் இரண்டு பாகமும் ஒரே மாதிரி வராது.

குர்தியில் ஸ்லிட் இருக்கிறதே, அதையும் பார்க்க வேண்டும். ஸ்லிட் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் மேலேயே கோடு எல் அகலத்தைத் தொட்டுவிட வேண்டும், அதன் கீழே அடி மடிப்பு வரை எல் கோட்டிலேயே இறங்குங்கள். தாமதமாகத் தொட்டால் சீட் பிடித்து, ஸ்லிட் கூடாரம்போல விரிந்து நிற்கும், இடுப்பில் குறுக்குச் சுருக்கமும் விழும்.

வெட்டுவதற்கு முன் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஓரத்தோடு ஓரம் வைத்து, அக்குளிலிருந்து ஸ்லிட் வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நீளத்தைச் சரிபாருங்கள். வெட்டும் கோட்டில் அல்ல, தையல் விழும் கோட்டில். பக்க டார்ட் இருந்தால் அதை மடித்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் காடா துணியில் ஒரு தடவை தைத்துப் பார்த்தால் நல்ல துணி தப்பிக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு அரூரிலிருந்து ஒரு அக்கா, எல்லாம் சரியாகச் செய்தும் இடுப்பு லூசாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். கேட்டால், சேலை கட்டும் இடத்தில் இடுப்பு அளவு எடுத்திருக்கிறார். அது பேட்டர்ன் சொல்லும் இடுப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே, சுற்றளவும் கூடுதல். ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சாயுங்கள், உடம்பு மடியும் இடத்தில் நாடா போய் நிற்கும். அளவை அங்கே எடுங்கள்.