முட்டைக்கோஸ் சாறு சோதனை: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவப்பு முட்டைக்கோஸ் சாறு அமிலத்தில் இளஞ்சிவப்பாகும், நடுநிலையில் ஊதாவாக இருக்கும், காரத்தில் நீலமாகிப் பச்சைக்குப் போகும். இதை நம்பி எலுமிச்சை, வினிகர், ஆப்பசோடா எல்லாம் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனால், பல பள்ளிகளில் எதையும் சேர்ப்பதற்கு முன்பே டம்ளரில் சாறு நீலமாக நிற்கிறது. அதில் பிள்ளைகள் உப்புக் கரைசலை ஊற்றுகிறார்கள், நீலம் அப்படியே இருக்கிறது, "உப்பு ஒரு காரம்" என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். சர்க்கரைக்கும் அதே பதில்தான் வருகிறது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் நிறைய கரைந்திருக்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அவற்றிலிருந்து வருவதுதான். அந்த உப்புகளால் தண்ணீருக்கே லேசான காரத்தன்மை உண்டு. சாற்றை எடுக்க அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுவதால் காரத்தன்மையின் அளவான பி.எச். ஏறுகிறது. கோஸ் இலையின் சொந்த அமிலம் கொஞ்சம் ஈடுகட்டுவதால், பாத்திரத்தில் அடர்த்தியாக இருக்கும்வரை சாறு ஊதாவாகவே தெரியும். வகுப்பில் அதே போர் தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்யும்போதுதான் நீலம் வெளியே வரும். நீர்க்கச் செய்யும் நேரத்தில் நிறம் மாறினால், குற்றவாளி தண்ணீர்தான்.

நிறம் ஒருபுறம் இருக்க, இந்தத் தண்ணீர் அமிலத்தையும் விழுங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். போர் தண்ணீருக்கு இது அதிசயமான அளவு அல்ல. டம்ளரில் அந்தத் தண்ணீர் 20 மில்லி இருந்தால், கடையில் கிடைக்கும் சாதாரண வினிகரின் முதல் மூன்று சொட்டுகள் ஏறக்குறைய அந்தப் பைகார்பனேட்டோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். நாலு சொட்டு விட்டும் நல்ல இளஞ்சிவப்பு வரவில்லை என்றால் பிள்ளை வினிகரைச் சந்தேகப்படும். வெறும் சோடா தண்ணீர் போன்ற மெல்லிய அமிலத்தைச் சோதித்தால் மாற்றமே தெரியாமல் போகலாம். நீலமாகிவிட்ட சாற்றில் கொஞ்சம் எலுமிச்சையைப் பிழிந்து ஊதாவுக்குக் கொண்டுவருவதும் சரியான வழி அல்ல. நிறம் திரும்பும், ஆனால் நீங்கள் சேர்த்த அமிலமும் இனி ஒவ்வொரு சோதனையிலும் கலந்து நிற்கும்.

ஆர்.ஓ. தண்ணீரோ, பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் வாலைவடிநீரோ போதும். வாங்கும்போது அது பேட்டரி அமிலம் இல்லை என்பதை மட்டும் லேபிளில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுமார் 200 கிராம் கோஸை நறுக்கி அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியமும் இரும்பும் வேண்டாம், அவற்றிலிருந்து கரையும் உலோகம் சாற்றின் நிறமியோடு சேர்ந்து நிறத்தை மாற்றக்கூடும். பிறகு அதே ஆர்.ஓ. தண்ணீரை விட்டு, டம்ளருக்கு அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்தை மேலிருந்து படிக்க முடிகிற அளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள். அடர்ந்த சாற்றில் எல்லாமே கருநீலமாகத் தெரியும், பின்பெஞ்சுப் பிள்ளைக்கு எந்த மாற்றமும் தெரியாது. எதையும் சேர்க்காத ஒரு டம்ளர் சாறும் மேசையில் கடைசிவரை இருக்க வேண்டும். "இந்த டம்ளரிலிருந்து எவ்வளவு மாறியது?" என்று பிள்ளைகள் கேட்டுப் பழக வேண்டும். உப்பையும் சர்க்கரையையும் கரைப்பதும் அதே தண்ணீரில்தான்.

அடுத்த தவறு, விடையை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுவது. "சோப்பு காரம்" என்று எழுதிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடைச் சோதித்தால் நிறம் பெரிதாக மாறாது. சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். துணிக்குப் போடும் பார் சோப்பு உண்மையிலேயே காரம், நீலப்பச்சை வரும். ஆனால் ஷாம்பு, பாத்திர லிக்விட் வகையறாக்களில் பலவற்றை நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்படியே தயாரிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அந்தப் பாடம் பிள்ளைகளுக்கு மறக்காது. இதைப் போலவே முட்டையின் வெள்ளைக்கரு காரப் பக்கம் நீலம் காட்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வினிகரையும் ஆப்பசோடாவையும் கலக்கும் கட்டம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. இளஞ்சிவப்புச் சாற்றில் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு வாருங்கள். நுரைத்து எழுந்து ஊதாவாகும், இன்னும் போட்டால் நீலமாகும். அதற்கு மேல் டப்பாவையே கவிழ்த்தாலும் நல்ல பச்சை வராது, ஏனென்றால் ஆப்பசோடாக் கரைசலின் பி.எச். 8.3 வாக்கில் நின்றுவிடும். பச்சை வேண்டுமென்றால் சலவை சோடாதான் சரி. இரண்டாவது, நுரை அடங்கும் முன்பே நிறத்தைக் குறித்துவிடுவது. கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஒரு மெல்லிய அமிலம்போல் வேலை செய்கிறது. நன்றாகக் கலக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டால், ஊதாவாகத் தெரிந்தது நீலத்தை நோக்கி நகர்வதைப் பார்க்கலாம். எத்தனை சிட்டிகைக்கு ஊதா திரும்பியது என்று பதிவு செய்யச் சொல்லும்போது, இந்தக் காத்திருப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மஞ்சள் நிறம் காட்ட ஆசைப்படுபவர்கள் சுண்ணாம்பை எடுக்கிறார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12க்கு மேல், சாறு பச்சையாகி மெல்ல மஞ்சளுக்குப் போகும். அந்த மஞ்சளைப் பார்த்ததும் பாதிப்பேர், வினிகரை ஊற்றினால் எல்லாம் பழையபடி திரும்பும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். உடனே ஊற்றினால் பெரும்பாலும் திரும்பும். அரை மணி நேரம் கழித்து ஊற்றினால் பழைய இளஞ்சிவப்பு வராது, ஏனென்றால் அதற்குள் நிறமி மூலக்கூறே சிதைந்திருக்கும். கடுமையான காரத்தில் நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் குறித்துவிட வேண்டும். சுண்ணாம்பை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும், பிள்ளைகள் முன் அதைக் கலக்கவும் கூடாது. ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. பட்டுவிட்டால் கண்ணைக் கசக்க விடாமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டிலிருந்து எதையாவது கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. ஒருவர் பிளீச்சிங் பவுடர் கொண்டுவருவார், இன்னொருவர் கழிவறை கழுவும் ஆசிட் கொண்டுவருவார். பிளீச் சாற்றின் நிறத்தையே அழித்துவிடும். வெளிறிய அந்த மஞ்சளைப் பிள்ளைகள் "வலிமையான காரம்" என்று எழுதுவார்கள், அது தவறான முடிவு. அதைவிட ஆபத்து, பிளீச்சும் அமிலமும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகர் சேர்ந்தாலும் வரும். ஆகவே கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை எழுதிக் கொடுங்கள்: எலுமிச்சை, வினிகர், தயிர்த் தெளிவு, உப்பு, சர்க்கரை, ஆப்பசோடா, துணி சோப்பு, ஷாம்பு. காபியும் கோலாவும் வேண்டாம், அவற்றின் சொந்த நிறமே சோதனையை மறைத்துவிடும்.

சாற்றை முந்தைய நாள் செய்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் மறுநாளே நாற்றம் வந்துவிடும், புளித்த சாறு தானே அமிலமாகத் திரும்பி நிறத்தையும் மாற்றிவிடும். ஆண்டு முழுக்க வேண்டுமென்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்து, வகுப்புக்கு வேண்டிய கட்டிகளை மட்டும் எடுத்துக் கரைத்துக்கொள்ளலாம்.