பில்டருக்குக் கொடுக்கும் கூட்டுக் கட்டுமானக் கடிதம்: நில உரிமையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் நிலத்தில் பில்டர் தன் செலவில் கட்டி, வீடுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு முன்பாக, பில்டருக்குக் கொடுக்க எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். நோட்டிலிருந்து கிழித்த தாள், நீல மை, பத்தே வரி. இடம் 9,600 சதுர அடி, அதாவது 22 சென்ட். அதில் எழுதியிருந்த முக்கியமான வரி இது: "எனக்கு 9,600 சதுர அடி கட்டடம் தர வேண்டும். பதினெட்டு மாதத்தில் முடிக்க வேண்டும்."

"ஆளுக்குப் பாதி தம்பி, வேற என்ன எழுதணும்?" என்றார்.

கட்டடம் வரைவதும் இந்த மாதிரிக் கடிதங்களைப் பார்ப்பதும் என் தொழில். அந்த வரி அவரை ஒரு வீட்டை இழக்க வைத்திருக்கும். எப்படி என்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கேயும் தருகிறேன்.

உயர்மாடி அல்லாத கட்டடத்துக்குத் தமிழ்நாட்டின் 2019 விதிகள் தரும் எஃப்.எஸ்.ஐ. 2. நிலத்தைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்று அர்த்தம். 9,600 சதுர அடிக்கு 19,200 வருகிறது. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு, ஆக 16 வீடு. ஒவ்வொரு வீட்டின் பிளிந்த் ஏரியா, அதாவது சுவரோடு சேர்த்த அளவு, 1,050 சதுர அடி. மீதி 2,400 சதுர அடி படிக்கட்டு, லிஃப்ட், நடைவழிக்குப் போகிறது.

அந்த அம்மா மனதில் வைத்திருந்தது 19,200-இல் பாதி, அதாவது எட்டு வீடு. ஆனால் பில்டர் வீடு விற்கும்போது 1,050 என்று சொல்ல மாட்டார். படிக்கட்டு, நடைவழி, பொது இடம் எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து, "சேலபிள் ஏரியா 1,350" என்பார். இப்போது கடிதத்தில் உள்ள 9,600-ஐ 1,350-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழு வீடும் கொஞ்சம் மிச்சமும்தான் வரும். கடிதத்தில் எழுதியபடியே கொடுத்துவிட்டேன் என்று பில்டர் சொல்லலாம், அதில் பொய்யும் இல்லை. அம்மாவுக்கு ஏழு, பில்டருக்கு ஒன்பது.

எனவே பங்கை வெறும் சதுர அடியில் எழுதுவதுதான் முதல் தவறு. விகிதம் வேண்டும், எந்த அளவின் விகிதம் என்பதும் வேண்டும். அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது இப்படி: "அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள வீடுகளின் மொத்த பிளிந்த் ஏரியாவில் 50 சதவீதம், எட்டு வீடுகளுக்குக் குறையாமல். அதே விகிதத்தில் கார் நிறுத்தும் இடம், மொட்டைமாடி உரிமை, பிரிபடாத நிலப் பங்கு." பிரிபடாத நிலப் பங்கு என்பது, அளந்து பிரிக்காமல் மொத்த நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பங்கு. எந்த எட்டு வீடு என்பதையும் விட்டுவிடக் கூடாது. எல்லா மாடியிலும் இரண்டிரண்டு என்று பேசி, வரைபடத்தில் நிறம் தீட்டி இருவரும் கையெழுத்துப் போட்டால் பின்னால் சண்டை வராது. இல்லாவிட்டால் வெயில் இறங்கும் மேல்மாடி வீடுகள் யாருக்கு வரும் என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விகிதமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாலை போதுமான அகலம் இருந்தால், அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். பில்டர் அப்படி 5,000 சதுர அடி கூடுதலாகப் பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24,200. கடிதத்தில் 9,600 என்று நின்றிருந்தால் அம்மாவின் பங்கு நாற்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கும், நிலத்தில் அவருக்குள்ள பங்கும் கூடவே குறையும். கூடுதல் கட்டடம் வந்தால் அதுவும் எந்த விகிதத்தில், கட்டணம் யார் தலையில் என்று முன்கூட்டியே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்தப் பதினெட்டு மாதம். எந்தத் தேதியிலிருந்து? பில்டரின் மறுவரைவில் பெரும்பாலும் "திட்ட அனுமதி கிடைத்த நாளிலிருந்து" என்று இருக்கும். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அவர் வரைபடத்தைச் சமர்ப்பிக்கவே ஒரு வருடம் எடுத்தால் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது. நிலம் பூட்டிக் கிடக்கும், பழைய வீட்டை இடித்திருந்தால் வாடகை வேறு. அதனால் காலத்தை மூன்று துண்டாக எழுதினோம்: ஒப்பந்தம் பதிவான நாளிலிருந்து 60 நாளில் விண்ணப்பம், அதிலிருந்து ஆறு மாதத்தில் அனுமதி, அனுமதியிலிருந்து பதினெட்டு மாதத்தில் ஒப்படைப்பு. அலுவலகத் தாமதத்துக்கு மூன்று மாதம் சலுகை, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் எட்டு வீட்டின் வாடகை அளவுக்கு ஈடு. முதல் இரண்டு துண்டில் ஒன்று தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையும் சேர்த்தோம். ஒப்படைப்பு என்றால் சாவி கொடுப்பது மட்டும் இல்லை. பணிமுடிப்புச் சான்று, நிரந்தர மின் இணைப்பு, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் சேர்ந்ததுதான். இந்த அளவுக் கட்டடத்துக்குச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது.

அனுமதிகளில் "எல்லாம் பில்டர் பொறுப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வாரிசுகளின் சம்மதம் எல்லாம் நிலத்துக்காரர் பொறுப்பு. பத்திரம், பட்டா, தரையில் அளந்தது மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்த அளவையே கணக்கில் எடுப்பது வழக்கம். எனவே கடிதம் கொடுக்கும் முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். வரைபடம், திட்ட அனுமதி, கட்டணங்கள் பில்டர் பொறுப்பு. வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ரெராவில் பதிவு செய்வதும் அப்படித்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடு என்றால் பதிவு கட்டாயம். இந்த இடம் சுமார் 890 சதுர மீட்டர். ரெராவில் பில்டர் அறிவிக்கும் முடிவுத் தேதி, உங்கள் ஒப்பந்தத் தேதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். உங்களிடம் ஒரு தேதி, ரெராவில் ஒரு வருடம் தள்ளி இன்னொரு தேதி என்று இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், உங்கள் பங்கு வீடுகளைக் கட்டி முடிக்கும் முன்பே நீங்களும் வெளியாருக்கு விற்றால், சட்டம் உங்களையும் புரமோட்டராக, அதாவது பில்டரைப் போலத் திட்டத்துக்குப் பொறுப்பானவராகப் பார்க்கலாம். மூலதன ஆதாய வரியைப் பணிமுடிப்புச் சான்று வரும் ஆண்டில் கட்டலாம் என்ற சலுகையும் கைவிட்டுப் போகும். விற்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே ஆடிட்டரைப் பாருங்கள். உங்கள் பங்கு வீடுகளுக்கான ஜி.எஸ்.டி. யார் கட்டுவது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிவிடுங்கள்.

கடைசியாக பவர், அதாவது உங்கள் சார்பில் செயல்பட பில்டருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். முழு நிலத்துக்கும் விற்பனை அதிகாரம் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அனுமதி வாங்கவும் கட்டவும் முழு நிலத்துக்கு அதிகாரம் கொடுக்கலாம். விற்பதற்கு மட்டும், பில்டரின் பங்கான 4,800 சதுர அடி பிரிபடாத நிலத்துக்கு மேல் ஓர் அடிகூடப் போகக் கூடாது. அதிலும் கடைசி இரண்டு வீட்டுக்கான நிலத்தை, உங்கள் எட்டு வீடும் கைக்கு வந்த பிறகுதான் பதிவு செய்யலாம் என்று வையுங்கள். பில்டரிடம் நீங்கள் வாங்கிய அட்வான்ஸைத் திருப்புவதும் அதே நாளில்தான், அதற்கு முன்னால் இல்லை.

அம்மாவின் பத்து வரி, இரண்டரைப் பக்கமானது. பில்டர் படித்துவிட்டு, பதினெட்டு மாதத்தை இருபதாக்கக் கேட்டார், பதிவை நிறுத்தி வைக்கும் கடைசி வீடுகளை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கக் கேட்டார். இரண்டுக்கும் அம்மா சரி என்றார். எட்டு வீட்டில் கை வைக்க விடவில்லை.