தடிப் புத்தகத்தை நாலு பேர் பிரித்துச் சுருக்குவது எப்படி?

நாகர்கோவிலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறோம். திருவிதாங்கூர் வரலாறு பற்றிய 480 பக்கப் புத்தகத்தில் 12 அத்தியாயம். ஆளுக்கு மூன்று என்று பிரித்து, சுருக்கி, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் நாலு வேறு புத்தகம் போல இருந்தது. ஒருவர் 40 பக்கத்தை ஒன்றரைப் பக்கத்தில் முடித்திருந்தார், இன்னொருவர் பதினைந்து பக்கம் எழுதியிருந்தார். அதனால் மறுபடி முதலிலிருந்து செய்தோம். அந்த முறைதான் இது.

1. பக்கத்தைப் பார்த்துப் பிரியுங்கள். அத்தியாயக் கணக்கு ஏமாற்றும். ஆண்டும் பெயரும் நெருக்கமாக வரும் பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்த அத்தியாயத்தையும் நடுவில் வெட்டாதீர்கள்.

2. முதலில் எல்லாரும் ஒரே 10 பக்கத்தைச் சுருக்குங்கள். வீண் வேலை என்று தோன்றும், ஆனால் இதை விட்டால் பிறகு எதுவும் ஒட்டாது. நாங்கள் 1741-ல் நடந்த குளச்சல் போரை எடுத்தோம். ஒருவர் மார்த்தாண்ட வர்மா வென்றார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மற்றொருவர் மிளகு வணிகத்திலிருந்து தொடங்கியிருந்தார். ஒருவருக்கு 'டச்சுக்காரர்', இன்னொருவருக்கு 'ஒல்லாந்தர்'. நாலையும் பக்கத்தில் வைத்து, காரணம், நிகழ்வு, விளைவு என்ற வரிசையில் 10 பக்கத்துக்கு ஒரு பக்கம் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு பக்கம்தான் மாதிரி. பெயர்களை எப்படி எழுதுவது என்பதையும் தனித்தாளில் குறித்து ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டோம்.

3. ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே புத்தகப் பக்க எண் போடுங்கள். இதன் அருமை வேலுத்தம்பி தளவாயிடம் வந்தபோதுதான் தெரிந்தது. அவர் தலக்குளத்துக்காரர், நம்ம மாவட்டம்தான். ஆங்கிலேயருக்கு எதிராக அவர் வெளியிட்ட குண்டறை அறிவிப்பு 1809 என்று ஒரு சுருக்கத்திலும், 1808 என்று இன்னொன்றிலும் இருந்தது. பக்க எண்ணைப் பிடித்துப் போய்ப் பார்த்தோம். ஒரு அத்தியாயத்தில் ஆங்கில ஆண்டு இருந்தது. மற்றதில் கொல்லம் ஆண்டு 984, மகரம் 1 என்று இருந்தது. எங்கள் தோழி அதோடு 824 கூட்டிவிட்டார். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. மகரம் ஜனவரியில் வருவதால் 1809 சரி.

4. ஒருவரே சேர்த்து எழுதட்டும். அவர் சொல்லையும் வரிசையையும் மாற்றலாம். தகவலில் சந்தேகம் வந்தால் தானே திருத்தாமல் எழுதியவரிடம் கேட்க வேண்டும். ஒரே நிகழ்வு இரண்டு அத்தியாயத்தில் வந்தால் விரிவான இடத்தில் வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் 'பார்க்க: பக்கம் இத்தனை' என்று போட்டால் போதும். எங்கள் 61 பக்கம் இப்படித்தான் 48 ஆனது.