பிளாஷ்பேக்கில் பார்ப்பவர் வழி தவறும் இடங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்தில் 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், இறந்துபோன அப்பாவின் நிலத்தை விற்க ஊருக்கு வருகிறான். பிளாஷ்பேக் மூன்று: மகனின் சிறுவயது, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, அடுத்த வருஷம் அப்பாவின் கடைசி நாட்கள். முதல் எடிட்டை ஊர்க்காரர்கள் ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டினோம். அதில் மூன்று பேர் "அப்பா புயல்ல போயிட்டாரு" என்றார்கள். கதைப்படி அவர் புயலுக்குப் பிறகு ஒரு வருஷம் இருக்கிறார்.

எங்கே பிசகியது என்று டைம்லைனைத் திரும்பப் பார்த்தோம். புயல் காட்சியின் கடைசி ஷாட்டில் தென்னை சாய்ந்து அப்பா சேற்றில் கிடக்கிறார். அதற்கு அடுத்த ஷாட், நிகழ்காலத்தில் சுவரில் மாலை போட்ட அவர் படம். இப்படி ஒட்டி வைத்தால், விழுந்தார், செத்தார் என்றுதான் பார்ப்பவர் சேர்த்துப் படிப்பார். நடுவில் இருந்த ஒரு வருஷம் எங்கள் ஸ்கிரிப்டில் மட்டும்தான் இருந்தது.

பிளாஷ்பேக்குக்குள் நுழைவதற்குப் பலரும் மெனக்கெடுகிறார்கள். வெளியே வருவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எங்கள் படத்தில் மகன் தோப்பில் ஒரு தென்னை அடிக்கட்டையில் கை வைத்திருக்கும்போதுதான் புயல் இரவு தொடங்கும். அதனால் திரும்பும்போதும் அதே அடிக்கட்டை, அதே கை என்று மாற்றினோம். நிலத் தரகர் அவனைக் கூப்பிடும் குரலை, படம் மாறுவதற்கு ஒரு விநாடி முன்பே புயல் சத்தத்தின் மேல் ஏற்றினோம். அந்த ஷாட்டில் மூன்று விநாடி நின்று, அப்புறம்தான் வீட்டுக்குள் போனோம். மாலை போட்ட படம் இன்னும் ஒரு காட்சி தள்ளிப் போனது.

இரண்டாவது தவறு டெல்டாவில் படம் எடுப்பவர்களுக்கு ரொம்பச் சுலபமாக வரும். காலத்தைக் காட்ட வாய்க்காலை நம்பினோம். இறந்தகாலத்தில் தண்ணீர் ஓடும், நிகழ்காலத்தில் வறண்டு கிடக்கும் என்று திட்டம். அதற்காக மே மாதம் ஒரு ஷெட்யூல் எடுத்தோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும் என்பதால் ஜூலை வரை காத்திருந்து மீதியை எடுத்தோம். ஷாட்கள் அழகாக வந்தன. ஆனால் வாய்க்கால் வருஷா வருஷம் வறண்டு, வருஷா வருஷம் ஓடும். அது மாதத்தைச் சொல்லுமே தவிர வருஷத்தைச் சொல்லாது. ஊர்க்காரர் ஒருவர் "சித்திரையில வந்தான், ஆடியில திரும்ப வந்தான்" என்று புரிந்துகொண்டார். அவர் படித்ததில் தப்பே இல்லை.

வருஷத்தைக் காட்ட, ஒரு தடவை மாறினால் பழையபடி ஆகாத பொருள் வேண்டும். எங்களுக்கு அது அப்பாவின் கால். புயலுக்கு முன் டிவிஎஸ் 50-ல் போவார். புயலில் அடிபட்ட பிறகு ஊன்றுகோல். கடைசி நாட்கள் காட்சியை அவர் முகத்தில் தொடங்கியிருந்தோம். அதை மாற்றி, திண்ணையில் கோல் ஊன்றும் சத்தத்தில் தொடங்கினோம். முதல் இரண்டு விநாடியிலேயே இது புயலுக்குப் பிந்தைய காலம் என்று தெரிந்துவிடுகிறது. கோல் இல்லாமல் அப்பா வந்தால் அது முந்தைய காலம். தோப்புக்கும் இதே கணக்குதான். கஜாவில் தென்னை போன ஊரில், சிறுவயதுக் காட்சியைச் சின்னக் கன்றுகள் நிற்கிற தோப்பில் எடுத்தால் உள்ளூர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பழுப்பு நிறம் பூசிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஒரே ஒரு இறந்தகாலம் என்றால் சரி. மூன்று காலத்துக்கும் ஒரே பழுப்பு என்றால், இது பழசு என்று தெரியும், எது முன்னே எது பின்னே என்று தெரியாது. "ஐந்து வருடங்களுக்கு முன்" என்று எழுத்துப் போடுவதிலும் சிக்கல் உண்டு. இரண்டாம் முறை அப்படிப் போடும்போது, நிகழ்காலத்திலிருந்தா, போன பிளாஷ்பேக்கிலிருந்தா என்று பார்ப்பவர் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார். போட்டே ஆகவேண்டும் என்றால் "2018 நவம்பர்" என்று நேரடியாகப் போடுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. படத்தில் சம்பந்தப்படாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, "நடந்த வரிசைப்படி கதையைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது எந்த இடத்தில் தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வெட்டில் போய்ப் பாருங்கள்.

மாற்றிய எடிட்டைப் பார்த்த ஒரு அக்கா, "புயல்ல கால் போச்சு, அப்புறம் ஒரு வருஷம் கோலோட இருந்தாரு, அதுக்கப்புறம்தான் போனாரு" என்று தடுமாறாமல் சொன்னார். சிறுவயதுக் காட்சிக்கு வந்தபோதுதான் "அந்தப் பையன் யாரு?" என்று நின்றார். சின்னப் பையனையும் பெரியவனையும் சேர்த்துக் காட்ட எங்களிடம் ஷாட் எதுவும் இல்லை. அந்தக் காட்சியை நீக்கிவிட்டோம். படம் பத்தரை நிமிடம் ஆனது.