நூறு வரி இருந்தும் தப்பாய்ப் போன விடைக்குறிப்பு

வியாசர்பாடியில் மாலை டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் 100 கேள்வி மாதிரித் தாளுக்கு, வாட்ஸ்அப்பில் வந்த விடைக்குறிப்பை எக்செல்லில் ஒட்டித் திருத்தினேன். நன்றாகப் படிக்கும் பெண்ணுக்கே நடுவில் இருபதுக்கு மேல் தப்பு.

அச்சுப்பிழை என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றினேன். பிறகு வினாத்தாள் வரிசையே வேறோ என்று தேடினேன். மூன்று நாள் வீண். வரிகளை எண்ணினால் சரியாக 100. அதுதான் என்னை ஏமாற்றியது.

கடைசியில், சந்தேகமே இல்லாத விடைகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 52ஆம் கேள்வி: சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறிய ஆண்டு. விடை 1969, அதாவது 'இ'. குறிப்பில் 'அ' இருந்தது. 'இ' அதற்கு முந்தைய வரியில். 45, 60, 66 எல்லாமே அப்படி ஒரு வரி மேலே. 30, 80 சரி.

அசல் பிடிஎஃப்பைத் திறந்தேன். 38ஆம் கேள்வி நீக்கப்பட்டு அதன் கட்டம் காலி. ஒட்டும்போது அது மறைந்துவிட்டது. 71க்கு 'அ', 'இ' இரண்டுமே சரி என்று கொடுத்திருந்தார்கள். அது இரண்டு வரியாகப் பிரிந்தது. ஒன்று குறைய, ஒன்று கூட, மொத்தம் மாறவில்லை. நகர்ந்தது 38 முதல் 70 வரை மட்டும்தான். நான்கே எழுத்து என்பதால் அதிலும் சில தற்செயலாகப் பொருந்தி, சரிவு கண்ணில் படவில்லை.

38இல் காலி வரி ஒன்றைச் செருகி, 71இன் இரண்டு வரிகளையும் ஒரே கட்டத்தில் சேர்த்தேன். நான் கையால் 'திருத்திய' விடைகளையும் பழையபடி மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் நான்குதான் தப்பு.