நேர்ப்பார்வையா, மூலைப்பார்வையா? 3டி வியூ கேட்கும்போது நடக்கும் தவறுகள்

வீட்டு எலிவேஷனுக்கு 3டி படம் போடச் சொல்லி ஆர்ட்டிஸ்டுக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "ஃப்ரன்ட் வியூ, சிமெட்ரிகலா இருக்கணும், சைடு வாலும் தெரியணும்." இதை அப்படியே நிறைவேற்ற யாராலும் முடியாது. பெட்டி மாதிரியான கட்டடத்தின் நடுவில், நேர் எதிரே நின்று பார்த்தால் பக்கச் சுவர்கள் முன்சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். பக்கச் சுவர் வேண்டுமென்றால் விலகி நிற்க வேண்டும், விலகினால் சமச்சீர் போய்விடும். ஆர்ட்டிஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கோணத்தில் கேமராவை வைத்து அனுப்புவார். முகப்பு லேசாகக் கோணலாகத் தெரியும், பக்கச் சுவரோ ஒரு கீற்றுதான்.

நேர்ப்பார்வையைத்தான் ஒன் பாயின்ட் என்பார்கள். அதில் கேமரா முன்சுவரை நேருக்கு நேர் பார்க்கிறது. சன்ஷேட், பாரபெட் கோடுகள் கிடைமட்டமாகவே இருக்கும். உள்நோக்கிப் போகும் கோடுகள் மட்டும் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அப்படி உள்நோக்கிப் போக ஏதாவது இருந்தால்தான் இந்தப் பார்வைக்கு உயிர். தாஜ்மகாலின் பிரதான வாயிலில் இருந்து எடுத்த படங்களில் நீர்க்கால்வாயும் நடைபாதைகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்தில் தூண் வரிசைகள் செய்கின்றன. தெருவை ஒட்டிய தட்டையான வீட்டு முகப்புக்கு இதையே கேட்டால் வருவது, நிழல் போட்ட எலிவேஷன் வரைபடம்தான்.

இன்னொன்று, 'ஒன் பாயின்ட்' என்று சொன்னாலே சமச்சீர் வந்துவிடாது. கேமரா இடப்பக்கம் நகர்ந்தாலும், முன்சுவருக்கு நேராகவே பார்க்கும்வரை அது ஒன் பாயின்ட்தான். ஆகவே "கேமரா வாசலின் மைய அச்சில்" என்று தனியாக எழுத வேண்டும். போர்டிகோ ஒரு பக்கமும் மாடிப்படி மறுபக்கமும் இருக்கிற வீட்டுக்கு இதைக் கேட்காமல் இருப்பதே நல்லது. நடுவில் நின்று பார்க்கும்போதுதான் சமமின்மை பளிச்சென்று தெரியும்.

மூலைப்பார்வைக்குப் பெயர் டூ பாயின்ட். இரண்டு சுவர்களின் கிடைமட்டக் கோடுகளும் தனித்தனிப் புள்ளிகளில் போய்ச் சேரும். இதில் நடக்கும் பெரிய தவறு 45 டிகிரி. முகப்பு 30 அடி, ஆழம் 50 அடி உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். முகப்புக்கு நேரே இருந்து 45 டிகிரி திரும்பிப் பார்த்தால் முகப்பு ஏறக்குறைய 21 அடி அகலத்துக்குச் சுருங்கித் தெரியும். பக்கச் சுவர் 35 அடிக்குத் தெரியும். அதாவது படத்தின் பெரும்பகுதி பாத்ரூம் வென்டிலேட்டரும் தண்ணீர்க் குழாயும். 31 டிகிரியில் இரண்டும் சரிபாதி ஆகின்றன. 20 டிகிரிக்குக் குறைத்தால் முகப்பு 28, பக்கம் 17. தொலைவால் வரும் சுருக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனாலும் ஆர்ட்டிஸ்டிடம் பேசுவதற்கு இது போதும். "கார்னர் வியூ" என்று மட்டும் எழுதாமல் "முகப்பு மூன்றில் இரண்டு பங்கு, பக்கச் சுவர் ஒரு பங்கு" என்று எழுதினால் குழப்பமே இல்லை.

இரண்டு தெரு சேரும் முனையில் மனை இருந்தால் கதை வேறு. அங்கே இரண்டு சுவருமே முகப்புதான். நியூயார்க்கில் 1902-இல் கட்டி முடித்த ஃபிளாட்அயர்ன் கட்டடம் இதற்கு உச்சபட்ச உதாரணம். பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் முக்கோண மனை, கூர்முனை இரண்டு மீட்டர் அகலம்தான். அதற்கு நேர்முகம் என்று ஒன்று கிடையாது, மூலையில் நின்றுதான் பார்க்க வேண்டும். தாஜ்மகாலோ நேர் எதிர். அதன் மூலைகள் சீவப்பட்டவை, அங்கே போய் நின்றால் கூர்முனைக்குப் பதிலாக இன்னொரு சிறு முகப்புதான் எதிரே நிற்கும்.

டூ பாயின்ட் கேட்டுவிட்டு, "கீழிருந்து அண்ணாந்து, கம்பீரமா" என்று சேர்ப்பதும் வழக்கம். அண்ணாந்தால் செங்குத்துக் கோடுகளும் மேலே குவியத் தொடங்கும். அது மூன்றாவது புள்ளி, வீடு பின்னால் சாய்ந்த மாதிரி இருக்கும். கேமராவை 5 அடி உயரத்தில் மட்டமாக வைக்கச் சொல்லுங்கள். படத்தில் பாதி ரோடாகத்தான் வரும், அதைக் கீழே வெட்டிக்கொள்ளலாம்.

ஸ்கெட்ச்அப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் Camera மெனுவில் இருக்கும் Two-Point Perspective செங்குத்துக் கோடுகளை நேராக்கும், அவ்வளவுதான். கேமராவை மூலைக்குக் கொண்டுபோவது உங்கள் வேலை.

மேலே சொன்ன வீட்டுக்கு, இடப்பக்கம் போர்டிகோ என்றால், அனுப்ப வேண்டிய செய்தி: "டூ பாயின்ட், இடது முன்மூலையில் இருந்து. முகப்பு மூன்றில் இரண்டு பங்கு. கேமரா 5 அடி உயரம், மட்டமாக. செங்குத்துக் கோடுகள் நேராக. கீழே ரோடு குறைவாகத் தெரிந்தால் போதும்."