மயில்கழுத்துப் பட்டும் என் படமும்

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் பார்த்து வைத்த மயில்கழுத்துப் பட்டை, பேத்தி கைபேசிச் செயலியில் என் படத்துக்கு உடுத்திக் காட்டினாள். மஞ்சள்காமாலை வந்தவள் மாதிரி இருந்தேன்! பழி சேலைமேல் இல்லை. படம் எடுத்தது வரவேற்பறை மஞ்சள் விளக்கில்.

மறுநாள் காலை ஜன்னலோரம் நின்று, தொளதொளப்பில்லாத சட்டையோடு மறுபடி எடுத்தோம். முகம் தெளிந்தது. சேலை மட்டும் வெறும் நீலமாகவே நின்றது. மயில்கழுத்தில் நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை வேறு நிறம்; மடிப்பு திரும்பினால்தான் பச்சை எட்டிப்பார்க்கும். அசையாத படத்தில் எப்படி வரும்?

கடைக்குப் போன் போட்டு, "தம்பி, முந்தானையை வாசல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பி வீடியோ அனுப்புப்பா" என்றேன். பச்சை வந்தது. கரையையும் அளக்கச் சொன்னேன். படத்தில் ஒரு சாண் தெரிந்தது, நிஜத்தில் 4 அங்குலம். நான் குள்ளம், அதுவே போதும்.